ரைட்

அன்று மழை தூறியதா என்று எனக்கு நிச்சயமில்லை. வைப்பர் ஓடியதாக நினைவு. வேறொரு நாளின் வைப்பராகவும் இருக்கலாம். பாஞ்சாலி ஸ்டாப் கோட்டில் வண்டியை நிறுத்தியது மட்டும் சந்தேகமில்லாமல் நினைவிருக்கிறது.

தொண்ணூற்றெட்டாம் வருடம். லைசென்ஸ் டெஸ்ட். டிரைவிங் ஸ்கூலின் மாருதியில் அவள் ஸ்டியரிங்கில், பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா. பின்சீட்டில் ஸ்கூல் நடத்தும் சண்முகமும், என் முறைக்குக் காத்திருந்த நானும்.

மர்பி டவுனைச் சேர்ந்த பாஞ்சாலிக்கு இந்திராநகரில் ஒரு டாக்டரம்மாவின் கார் ஓட்டும் வேலை தயாராக இருந்தது. பெண் டிரைவர்தான் வேண்டும் என்று காத்திருந்த டாக்டரம்மா, இந்த முறையும் தோற்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

முதல் டெஸ்டில் தோற்றது ஒரு வார்த்தையால். அவள் புருஷன் பஸ் கண்டக்டர். அவர்கள் வீட்டில் 'ரைட்' என்றால் கிளம்பு என்று அர்த்தம். சந்து முனையில் இன்ஸ்பெக்டர், வலது பக்கம் திரும்பச் சொல்லி 'ரைட்' என்றதும், கோட்டில் நிற்காமல் நேரே மெயின் ரோட்டில் பாய்ந்துவிட்டாள். சண்முகம் இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அதே சந்து முனை. கோவிந்தப்பா மறுபடியும் சொன்னார்.

"ரைட்."

பாஞ்சாலி கோட்டுக்கு முன்னால் வண்டியை முழுசாக நிறுத்தினாள். வலது இண்டிகேட்டர் துடித்துக்கொண்டிருந்தது. வலது பக்கம், முனையை ஒட்டி ஒரு பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. பூக்கடைக்காரர் ஒருவர் 'வா, வா' என்று கை காட்டினார்.

"போம்மா, காலியாத்தான் இருக்கு," என்றார் சண்முகம்.

"உங்களுக்குத் தெரியுதாண்ணா? எனக்குத் தெரியல."

ஹாஃப் கிளட்சில் வண்டியை நத்தைபோல் நகர்த்தினாள். பஸ்ஸின் முகத்தைத் தாண்டி வலது பக்கம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய இடத்தில் மறுபடி நிறுத்தினாள். அந்தக் கணம் பஸ்ஸை ஓவர்டேக் செய்த தண்ணீர் லாரி ஒன்று எங்கள் பானெட்டுக்கு முன்னால் சீறிப் போனது. மாருதி ஆடியது. கோவிந்தப்பாவின் கால் அவர் பக்கத்து பிரேக்கை மிதித்திருந்தது. மிதிக்கத் தேவையே இருக்கவில்லை.

ஹாரன் சத்தம் நின்றுவிட்டது. பூக்கடைக்காரர் கையை மடக்கிக்கொண்டார்.

பாஞ்சாலி வலது பார்த்தாள், இடது பார்த்தாள், மறுபடி வலது பார்த்தாள். இரண்டு பக்கமும் ரோடு காலி. நிதானமாக, அகலமாக வளைந்து, எதிர்ப்பக்க லேனில் போய்ச் சேர்ந்தாள். ஒரு ராணி ஊர்வலம் போவதுபோல இருந்தது எனக்கு.

கொஞ்ச தூரம் போனபின் கோவிந்தப்பா கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"இஷ்டு, இவ்ளோ ஹாரன் அடிச்சாங்க, பயம் ஆகலையா?"

"ஆச்சு சார். அதுக்காக கண்ணு தெரியாம போக முடியுமா?"

அவர் அங்கேயே ஓரம் கட்டச் சொல்லி, டெஸ்ட் ஃபாரத்தை மடிமேலேயே வைத்து பாஸ் என்று எழுதினார். பாஞ்சாலி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டிச் சிரித்தாள். சண்முகமும் கைதட்டினார்.

டாக்டரம்மாவிடம் பல வருடம் ஓட்டிவிட்டு, இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் சொந்தமாக இரண்டு வேன் விட்டிருக்கிறாள் பாஞ்சாலி. கோவிந்தப்பா ரிட்டயராகி துமகூருக்குப் போய்விட்டார். சண்முகம் ஸ்கூலை இன்னும் நடத்துகிறார். நான் அன்று ஃபெயில். அடுத்த மாதம் பாஸானேன்.