குணமாகும் தேதி

எங்கள் ஆபீஸில் அவருக்குக் காய்ச்சல் என்றே பெயர். கிரிக்கெட் நடந்தால் காய்ச்சல், மச்சினன் வீட்டில் விசேஷம் என்றால் காய்ச்சல். லீவு ஃபைல் பார்க்கும் எனக்கு அவர் டாக்டரின் கையெழுத்து என் கையெழுத்தைவிடப் பழக்கம்.

இந்தத் தடவை வந்தது காய்ச்சல் இல்லை. முதுகெலும்பில் தட்டு விலகி, இடது கால் மரத்துப்போய், மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்குள் லீவு அனுமதி ஆகாவிட்டால் சொல்லாமல் நின்றதாகிவிடும், சம்பளம் நின்றுபோகும்.

துறைத் தலைவருக்கு விண்ணப்பம், சர்ஜன் கொடுத்த சான்றிதழ், ஸ்கேன் ரிப்போர்ட், அட்மிஷன் கடிதம் எல்லாவற்றையும் நானே சரிபார்த்துக் கொடுத்தேன். தலைவர் மேடம் அறைக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன்.

மேடம் நிதானமாகப் புரட்டினார். கடைசித் தாளில் நின்றார்.

"ரெண்டு மாசம் கழிச்சு நீங்க பூரண குணம், வேலைக்குச் சேரலாம்னு உங்க டாக்டர் இன்னைக்கே எழுதியிருக்காரே. சர்ஜன் இன்னும் கத்தியே எடுக்கலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி வேலைக்குச் சேரும் நாளில் கொடுக்க வேண்டிய உடல்தகுதிச் சான்றிதழ் அது.

"இதை எப்ப வெச்சீங்க?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வர்ற வழியிலதான்க்கா. நம்ம பழைய டாக்டர் எப்பவும் லீவுக்கு ஒண்ணு, திரும்பச் சேர ஒண்ணுன்னு ரெண்டையும் சேர்த்தே கொடுத்துருவார். ஃபைல் கனமா இருந்தா நல்லதுதானேன்னு..."

பாவி மனுஷன். நிஜமாகவே நோய் வந்த நேரத்திலா பழக்க தோஷம் வேலை செய்ய வேண்டும்? மேடம் சிரிக்கவில்லை. நோய் நிஜம்தானா என்று பார்க்கச் சொல்லி மெடிக்கல் போர்டுக்கு எழுதினார். நான் போனில் கெஞ்சிக் கூத்தாடி மறுநாளே பார்க்க ஏற்பாடு செய்தேன்.

போர்டு டாக்டர்கள் ஸ்கேனைப் பார்த்தார்கள், காலைத் தட்டினார்கள், ஊசியால் குத்தினார்கள். அறிக்கையோடு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு மாதம் போதாதாம், நான்கு மாதம் வேண்டுமாம். அதற்குப் பிறகும் நடை பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாதாம். கேட்டதைப் போல இரண்டு மடங்கு லீவு கிடைத்து அழுத ஆளை அன்றுதான் பார்த்தேன்.

மேடம் உடனே அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் கிளம்பவில்லை.

"மேடம், அந்தக் கடைசித் தாளை மட்டும் திருப்பித் தர்றீங்களா?"

"அது செல்லாதுங்க. எதுக்கு உங்களுக்கு?"

"நான் பூரண குணமாயிருவேன்னு அது ஒண்ணுதான் மேடம் சொல்லுது."

மேடம் பின்னைக் கழற்றி, தாளை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"இதை வீட்ல வெச்சுக்குங்க. நிஜத் தேதி போட்டு இன்னொண்ணு நீங்களே நடந்து வந்து கொடுக்கணும். தபால்ல அனுப்பினா வாங்க மாட்டேன்."