காணோம்

ஆயம்மாளிடமிருந்து அன்று காலை வந்த புகாரில் இருந்தது ஒரே ஒரு வார்த்தை: "காணோம்". அதோடு மங்கலாக ஒரு ஸ்கிரீன்ஷாட்டும், போன் மாடலின் பெயரும். அவ்வளவுதான்.

ரோஜா அந்தப் படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தாள். பலமுறை கைமாறி வந்த படம்போல எழுத்தெல்லாம் கசங்கிக் கிடந்தது. மேலே தலைப்பு, கீழே பெண்களின் பெயர்கள். எது காணோம்? இருப்பதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, இல்லாததைக் கண்டுபிடி என்றால் எப்படி?

போடியில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் ரோஜாவும் அவள் கணவன் நிலவனும் சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்தினார்கள். அவன் நிரல் எழுதுவான், அவள் சோதிப்பாள்; வாடிக்கையாளர்களோடு பேசுவதும் அவள்தான். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆளேற்றும் ஜீப்புகளுக்காக அவர்கள் ஓர் ஆப் செய்திருந்தார்கள். நாளைக்கு யார் யார் வேலைக்கு வருகிறார்கள் என்று ஒவ்வொரு குழுவின் தலைவியும் சாயங்காலமே குறித்து அனுப்பிவிட்டால், விடியும்போது அந்தந்த ஊருக்கு ஜீப் போய் நிற்கும்.

அன்று ராசிங்காபுரத்துக்கு ஜீப் போகவில்லை. ஆயம்மாள் குழுவின் பெயர்கள் வரவே இல்லை என்றார் டிரைவர் சீனிச்சாமி. பெண்கள் தூக்குவாளியோடு ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டு, வேறொரு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறியிருக்கிறார்கள். ரோஜா ஆயம்மாளுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டாள். மலை ஏறிவிட்டால் அங்கே ஏது சிக்னல்?

"ஆப்ப அழிச்சுட்டு மறுபடி ஏத்தச் சொல்லு புள்ள. சரியாப் போயிரும்" என்றான் நிலவன், திரையிலிருந்து கண் எடுக்காமல்.

"எது கெட்டுப்போச்சுன்னே தெரியாம எது சரியாப் போகும்ங்க? நாளைக்கும் அந்தப் பொம்பளைங்க ரோட்டுல நிக்கணுமா?"

"என் போன்ல நல்லா ஓடுதே."

"ஆயம்மா அக்கா உங்க போனையா வச்சிருக்காங்க?"

அவன் சிரித்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தான்.

ரோஜா கீழே இறங்கி, செல்போன் கடை ஐசக்கிடம் அந்த மாடலைக் கேட்டாள். பழைய போன் விற்கும் கண்ணாடிப் பெட்டியில் ஒன்று கிடந்தது. "கொண்டு போ தங்கச்சி, சாயங்காலம் கொண்டாந்தாப் போதும்" என்றார் அவர்.

ஆப்பை ஏற்றி, அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பெயர்கள் வந்தன. 'அனுப்பு' பொத்தான் பச்சையாக நின்றது. அமுக்கினாள், போய்விட்டது. நெட்டை நிறுத்திப் பார்த்தாள், பெயர்களைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அவளுக்கு ஆயாசமாக வந்தது. அதே மாடல், அதே ஆப். பிறகு என்னதான் வித்தியாசம்?

நிலவன் டீ வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தான். "குடிச்சுட்டுப் பாரு. படம் எங்கயும் ஓடிப் போகாது."

குடித்துக்கொண்டே, கடைப் போனிலும் அதே பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆயம்மாளின் படத்துக்குப் பக்கத்தில் ஒரே அகலத்தில் வைத்தாள். கிளாஸ் அப்படியே கையில் நின்றது.

"ஏங்க, இங்க பாருங்க. 'நாளை வேலைக்கு வருபவர்கள்' நம்ம படத்துல ஒரே வரி. அவங்களுதுல ரெண்டா மடங்கியிருக்கு."

"அட, ஆமா."

"ஒரே மாடல், ஒரே திரை. அப்ப எழுத்துத்தான் பெருசா இருக்கணும்."

கடைப் போனின் அமைப்புகளுக்குள் போய் எழுத்தின் அளவைக் கடைசிவரை ஏற்றினாள். தலைப்பு மடங்கியது. பெயர்கள் பெருத்து, பொத்தானைக் கீழே தள்ளின. ஆனாலும் பொத்தானின் மேல்பாதி திரையின் அடியில் எட்டிப் பார்த்தது. விரல் பட்டதும் வேலையும் செய்தது.

"கிட்ட வந்துட்டோம்" என்றான் நிலவன். அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"ஆனா அவங்க படத்துல இந்தப் பாதிகூட இல்லயே."

அவள் மறுபடி இரண்டு படங்களையும் ஒவ்வொரு ஓரமாக ஒப்பிட்டாள். தலைப்புக்குப் பக்கத்தில், பின்னால் போவதற்கான அம்புக்குறி. ஆயம்மாளின் படத்தில் அது கொழுகொழுவென்று இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் எழுத்துதான் பெருக்கும். அம்புக்குறி ஏன் பெருக்க வேண்டும்?

"திரை அளவு!" என்றான் நிலவன். "எழுத்தோட சேத்து எல்லாத்தையும் பெருசாக்குற இன்னொரு அமைப்பு இருக்கே, அதையும் ஏத்தி வச்சிருக்காங்க."

ரோஜா அதையும் ஏற்றினாள். பக்கம் மறுபடி விரிந்து, பொத்தான் திரைக்கு அடியில் முழுசாக மறைந்தது. விரலால் மேலே தள்ளினாள். பக்கம் அசையவில்லை. இப்போது கையில் இருந்தது அச்சு அசல் ஆயம்மாளின் படம்.

"காணோம்" என்றாள் ரோஜா. அவளுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. பாவம், சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

நிலவன் தலையைச் சொறிந்தான். "அந்தப் பக்கம் ஆடாம அசையாம அழகா நிக்கட்டும்னு நாந்தான் நகராதபடி எழுதுனேன். என் போன்ல எல்லாம் அடங்குச்சு."

"எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லிறலாமா?" என்று கேட்டுவிட்டு, அவளே வேண்டாமென்று தலையாட்டினாள். "கண்ணு தெரியாமத்தானே பெருசாக்கியிருப்பாங்க."

பெயர்கள் மட்டும் மேலும் கீழும் நகரும்படியும், பொத்தான் எப்போதும் திரையின் அடியிலேயே தங்கும்படியும் அவன் மாற்றி எழுதினான். ரோஜா எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் சோதித்தாள். மத்தியானத்துக்கு மேல் புதிய பதிப்பை அனுப்பினார்கள். ஆனால் பிளே ஸ்டோரில் பரிசீலனை முடிந்து அது எல்லோர் போனுக்கும் போய்ச்சேர ஒருநாளாவது ஆகும். அதனால் அன்றைக்கு ரோஜாவே பெயர்களைக் கேட்டுப் பதிந்துவிடுவது என்று முடிவானது. கடைப் போனில் புதிய பதிப்பை ஏற்றி, ஐசக்கிடம் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு, இருவரும் பைக்கில் ராசிங்காபுரம் கிளம்பினார்கள்.

மலையிலிருந்து ஜீப் இறங்கி வந்து நின்றது. ஏலக்காய் வாசத்தோடு பெண்கள் குதித்து இறங்கினார்கள். ஆயம்மாள் அவர்களைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். "ஒத்தப் படத்துக்கா ரெண்டு பேரும் இம்புட்டுத் தூரம் வந்தீக?"

ரோஜா நடந்ததைச் சொன்னாள். ஆயம்மாள் கடைப் போனில் தன் நம்பரைப் போட்டு உள்ளே போனாள். பெருத்த எழுத்துகளுக்கு அடியில் பச்சைப் பொத்தான் நின்றது. "இந்தா இருக்குல்ல! இதத்தான் காணோம்னேன்."

"கண்ணு ரொம்ப மங்கலா இருக்காக்கா? போடியில நல்ல டாக்டர் இருக்காக" என்றாள் ரோஜா.

"யாருக்குக் கண்ணு? எனக்கா? கொடியில கெடக்குற எறும்பு தெரியும்" என்றாள் ஆயம்மாள். "இவளுகளுக்காகத்தான் நேத்துப் பெருசாக்குனேன். அனுப்புறதுக்கு முன்னாடி அவளவ பேர அவளவ பாத்துக்கிருவாளுக. இந்தப் பேச்சிக்கு அவ பேரு மட்டுந்தான் வாசிக்கத் தெரியும். நான் கையில பிடிச்சிருப்பேன், எல்லாரும் சுத்தி நின்னு பாப்பாளுக. சின்ன எழுத்தா இருந்தா தள்ளி நிக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?"

நிலவன் ரோஜாவைப் பார்த்தான். ஒரு கைக்கு ஒரு போன் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். ஒரு போனைச் சுற்றி ஒரு ஜீப் ஜனம் நிற்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

பேச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். திரையைத் தடவி மெல்ல மேலே தள்ளினாள், பெயர்கள் நகர்ந்தன. ஒரு பெயரில் விரலை வைத்து நிறுத்தி, "இது நானு" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எழுத்து போதுமாக்கா?" என்று நிலவன் கேட்டான்.

"இன்னுங் கொஞ்சம் பெருசா இருந்தா, நான் ஜீப்புக்குள்ள உக்காந்துக்கிட்டே பாப்பேனப்பு."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நிலவன் சிரிக்கவில்லை; அதை எப்படிச் செய்வது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டான். அவன் முகத்தைப் பார்த்தே ரோஜாவுக்கு அது தெரிந்தது. அந்த முகத்துக்காகத்தானே அவனைக் கட்டிக்கொண்டாள்.

"சரி, வெரசா அனுப்புங்கடி" என்று ஆயம்மாள் அதட்டினாள். "சீனிச்சாமி அண்ணே காத்திருப்பாக."

பொத்தானைப் பேச்சியே அமுக்கினாள்.