பொருள்: டெபாசிட்டைத் திருப்பித் தரக் கோருதல்

மூன்று மெயில் அனுப்பியாகிவிட்டது. ஒன்றுக்கும் பதில் இல்லை. நாலாவதை எழுத உட்காருவதற்கு முன் குடிநீர் வாரியத்தின் கணக்குப் பிரிவுக்கே போன் போட்டேன். போட்டவள் சும்மா இருந்தேனா? எடுத்த எடுப்பிலேயே எகிறினேன்.

"வேலையத்தான் வேற யாருக்கோ குடுத்துட்டீங்க. நாங்க கட்டின டெபாசிட்டையாவது குடுங்களேன். அதுக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கெஞ்சணுமா?"

அந்தப் பக்கம் ஒரு கிளார்க். குரலைக் கேட்டால் ரிட்டயர் ஆகப் போகிறவர் மாதிரி இருந்தது. "மூணு மெயில் அனுப்பினது நீங்கதானாம்மா?" என்றார். "மூணையும் படிச்சேன். என்னைத் திட்டியிருக்கீங்க, என் மேலதிகாரியைத் திட்டியிருக்கீங்க, லிஃப்ட் வேலை செய்யலைன்னு கூட எழுதியிருக்கீங்க. எந்த டெண்டர்னு ஒண்ணுலயும் எழுதலை. எப்ப கட்டினீங்க, எந்தக் கணக்குக்குத் திருப்பணும், ஒண்ணுமே இல்லாம நான் ஃபைல்ல என்னத்தம்மா எழுதுவேன்?"

பேனாவைத் தேடி எடுத்தேன். என்ன என்ன இணைக்க வேண்டும் என்று அவரே பொறுமையாகச் சொன்னார். பணம் கட்டிய ரசீது, டெண்டரைச் சமர்ப்பித்ததற்கான ஒப்புகைச் சீட்டு, நிராகரித்த அறிவிப்பு, ரத்து செய்த காசோலை ஒன்று. "ஒரே மெயில்ல ஒழுங்கா அனுப்புங்க. பத்து நாள்ல போட்டு விட்டுடறோம்," என்று வைத்துவிட்டார்.

எங்கள் தொழில் துப்புரவு ஒப்பந்தம். ஆபீஸ், ஆஸ்பத்திரி, கல்லூரி என்று கட்டடம் கட்டடமாகப் பெருக்கித் துடைக்க ஆள் அனுப்புவது. ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு மேஜை, இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலி என்னுடையது. இன்னொன்றில் இரண்டு மாதமாக ஃபினைல் கேன் உட்கார்ந்திருந்தது.

அதற்கு முன் அதில் உட்கார்ந்திருந்தவள் என் கூட்டாளி. பதினோரு வருடம். நான் அவளை வாத்தியாரம்மா என்பேன், அவள் என்னை மிளகாய் என்பாள். காரணம் இல்லாமல் இல்லை. கடிதம் எழுத வேண்டி வந்தால் நான் கோபத்தை எல்லாம் கொட்டி எழுதி, அனுப்பாமல், ஆபீஸ் மெயிலின் டிராஃப்டில் போட்டுவிடுவேன். ராத்திரி சமையலை முடித்துவிட்டு அவள் வீட்டிலிருந்து அதே மெயிலைத் திறந்து திருத்தி வைப்பாள். காலையில் நான் வந்து பார்த்தால் என் கடிதத்தில் என் பெயரைத் தவிர என்னுடையது ஒன்றும் இருக்காது. அதை அனுப்புவேன். காசு வரும்.

"மிளகாய், கோபத்துக்கு யாரும் செக் எழுத மாட்டாங்க," என்பாள். "என்ன நடந்துச்சுன்னு சொல்லு. என்ன வேணும்னு கேளு. நடுவுல காரணம், கண்ணீர், கச்சேரி எதுவும் வேணாம்."

இந்தக் குடிநீர் வாரிய டெண்டர்தான் எங்களைப் பிரித்தது. டெபாசிட் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டியிருந்தது. டெண்டர் எடுத்தவன் பாதியில் பின்வாங்காமல் இருக்க முன்கூட்டியே வாங்கி வைக்கிற தொகை அது. கிடைக்காதவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்த மாதம் ஆட்களுக்குச் சம்பளம் போட்டதில் கம்பெனிக் கணக்கு துடைத்து வைத்தாற்போல இருந்தது. அவள் தன் மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த நாலு வளையலைக் குறுகிய தவணைக்கு வங்கியில் அடகு வைத்துப் பணம் கொண்டுவந்தாள். கம்பெனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து கட்டினோம்.

எங்கள் டெண்டர் விலையைப் பிரித்துப் பார்க்கிற கட்டத்துக்கே போகவில்லை. 'கடந்த ஆண்டின் வரவுசெலவுச் சான்று இணைக்கப்படவில்லை' என்று ஒற்றை வரியில் முதல் கட்டத்திலேயே தள்ளிவிட்டார்கள். ஆவணங்களை ஏற்றியது அவள். நான் விட்டேனா?

"ஒரு பேப்பரை ஏத்தத் தெரியலை, உனக்கெல்லாம் எதுக்குத் தொழில்? வீட்டுல உக்காந்து சோறாக்கு போ," என்றேன்.

"நான் ஆறு பேப்பரையும் ஏத்தினேன்," என்றாள்.

"கிழிச்சே."

அவள் டிபன் டப்பாவை எடுத்துப் பையில் வைத்தாள், மின்விசிறியை நிறுத்தினாள், படியிறங்கிப் போனாள். நாளைக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் நினைத்தேன். போன் பண்ணுவதா, நானா, என்று இன்னொரு வாரம் வீம்பு பிடித்தேன். அதற்குப் பிறகு வெட்கம் வந்துவிட்டது. வெட்கம் வந்தபின் போனை எடுப்பது இன்னும் கஷ்டம்.

என் மகள் கல்யாணமாகித் தூர ஊரில் இருக்கிறாள். வீட்டில் டிவியைத் தவிர யாரும் பேசுவதில்லை. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் 'இன்னைக்கும் உருளைக்கிழங்கா?' என்று கேட்க ஆளில்லை. அழுதுகொண்டு சாப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சாப்பிடாமல் மூடி வைத்த நாட்கள் உண்டு.

கிளார்க்குக்குப் போன் போட்டதற்கு முந்தின வாரம் வங்கியிலிருந்து அவள் பெயருக்கு ஆபீஸ் முகவரியில் ஒரு கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் வளையலை மீட்காவிட்டால் ஏலம். பிரித்துப் படித்தது தப்புதான். படித்துவிட்டேன். கடிதத்தை ஜெராக்ஸ்காரரிடம் கொடுத்து அவள் வீட்டில் சேர்க்கச் சொன்னேன். டெபாசிட் வந்தால் அவளைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் வங்கிக்குப் போய், வளையலை அவள் கையில் பார்த்த பிறகு எப்படியாவது பேசிவிடலாம் என்பது என் கணக்கு. மாதக் கடைசிக்கு இருபது நாள் இருந்தது.

ஆகவே நாலாவது மெயிலை மனுஷி மாதிரி எழுத உட்கார்ந்தேன். ரசீது கிடைத்தது. நிராகரித்த அறிவிப்பு கிடைத்தது. ஒப்புகைச் சீட்டைத் தேடி டெண்டர் இணையதளத்தில் நுழைந்தேன். அங்கே ஒன்றல்ல, இரண்டு இருந்தன.

முதலாவது, கடைசி நாளுக்கு முந்தின நாள் மாலை ஐந்து பத்துக்கு. கோப்புகள் ஆறு. வரவுசெலவுச் சான்று நாலாவது வரிசையில் இருந்தது.

இரண்டாவது, கடைசி நாள் பிற்பகல் இரண்டு நாற்பத்தொன்றுக்கு. 'திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கப்பட்டது.' கோப்புகள் ஐந்து.

அந்த நேரத்தில் அவள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். நான்தான் தனியாக இருந்தேன். போட்டிக் கம்பெனிக்காரன் விலையைக் குறைத்துவிட்டான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மூன்று மணிக்கு மூடுவதற்குள் எங்கள் விலையைக் குறைத்துப் போட்டேன். திருத்தம் என்று ஆரம்பித்ததும் எல்லாக் கோப்பையும் திரும்ப ஏற்றச் சொன்னது. அவசர அவசரமாக ஏற்றினேன். விலையை மட்டும்தான் மாற்றினேன் என்று இத்தனை நாளும் சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அடிப்பாவி என்று சத்தமாகச் சொன்னேன். என்னைத்தான். அறையில் வேறு யார் இருக்கிறார்கள்?

மெயிலை எழுதி முடித்தேன். கீழே, கொஞ்சம் இடம் விட்டு, அவளுக்கு எழுதினேன். 'வாத்தியாரம்மா, ரெண்டாவது தடவை ஏத்தினது நான்தான். ஆனா நீயும் அன்னைக்குப் பார்த்தா பல் டாக்டர்கிட்ட போகணும்? ஒரு போன் பண்ணி எல்லாம் சரியான்னு கேட்டிருக்கலாம். எனக்கும் சம்பளப் பிரச்சினை, தலைக்கு மேல டென்ஷன், அதான் வாய் தவறிப் பேசிட்டேன்...' பன்னிரண்டு வரி. அனுப்பவில்லை. டிராஃப்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதமாக அவள் அந்த மெயிலைத் திறந்தாளா என்று எனக்குத் தெரியாது. பாஸ்வேர்டை மட்டும் நான் மாற்றவில்லை.

காலையில் படியேறி வந்ததும் பையைக்கூட இறக்காமல் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

திருத்தியிருந்தாள்.

பொருள் வரியில் டெண்டர் எண் ஏறியிருந்தது. பணம் கட்டிய தேதியும் பரிவர்த்தனை எண்ணும் இருந்தன. வேலை உத்தரவு வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்ட தேதியும், அதிலிருந்து முப்பது நாளுக்குள் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையின் எண்ணும் ஒரே வாக்கியத்தில். கணக்கு விவரம். 'விரைவில் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' என்னுடைய 'இத்தனை நாள் அலைக்கழித்த பின்னராவது' போயே போய்விட்டது. கீழே நான் எழுதிய பன்னிரண்டு வரியும் இல்லை. அதன் இடத்தில் ஒரு வரி இருந்தது.

'பணம் வந்ததும் என் கணக்கில் போடவும். வளையலை நானே மீட்டுக்கொள்கிறேன்.'

பதினோரு வருடமாக எங்கள் கடிதங்களின் அடியில் இரண்டு பெயர் இருக்கும். கூட்டாளிகள் என்று. இதில் என் பெயர் மட்டும் இருந்தது. அவள் தன் பெயரை எடுத்துவிட்டிருந்தாள். அதையும் திருத்தம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பினேன். மறுநாளே கிளார்க்கிடமிருந்து பதில் வந்தது. 'தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு அனுப்பப்பட்டது.' ஒன்பதாம் நாள் பணம் கணக்கில் ஏறியது. பத்து நிமிடம்கூட வைத்துக்கொள்ளவில்லை, அவள் கணக்குக்குப் போட்டேன். வங்கிக்கு ஒன்றாகப் போகிற கணக்கெல்லாம் அத்தோடு முடிந்தது.

இனி அவளுக்கு எழுத ஆபீஸ் விஷயம் எதுவும் இல்லை. டெபாசிட் வராமல் இருந்த வரைக்கும் எங்களுக்குள் ஏதோ ஒன்று பாக்கி இருந்தது. பணம் வந்ததற்காக வருத்தப்பட்டவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் வரை ஃபினைல் கேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து கேனைத் தூக்கி மூலையில் வைத்தேன். நாற்காலியைத் துடைத்தேன். புது மெயில் திறந்து அவள் சொல்லிக் கொடுத்த மாதிரி எழுதினேன்.

'பொருள்: மன்னிக்கக் கோருதல்.

நீ ஆறு கோப்பு ஏற்றினாய். மறுநாள் இரண்டு நாற்பத்தொன்றுக்கு நான் ஐந்து ஏற்றினேன். தவறு என்னுடையது. பழியை உன்மேல் போட்டேன். சொல்லக் கூடாததைச் சொன்னேன். இரண்டு ஒப்புகைச் சீட்டையும் இணைத்திருக்கிறேன்.

நீ திரும்பி வர வேண்டும்.'

பல் டாக்டர் இல்லை, சம்பளம் இல்லை, டென்ஷன் இல்லை. அடியில் என் பெயர் மட்டும். டிராஃப்டில் போட்டேன்.

முதலில் எழுதியதை அவள் ஒரே ராத்திரியில் அழித்தாள். இதைப் போட்டு இன்றோடு நாலு நாள். தினமும் காலையில் பையைக்கூட இறக்காமல் திறந்து பார்க்கிறேன். ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை.