ஒரே தாளில் அடக்கியது

சித்தியின் நினைவுக் கூட்டத்தில் படிக்கச் சித்தப்பா எழுதியதை நான்தான் தட்டச்சு செய்தேன். மாலை வகுப்பில் பக்க வடிவமைப்பு படிக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

"ஒரே தாளா குடும்மா. ரெண்டுன்னா மாத்திப் படிச்சுத் தொலைப்பேன், உங்க சித்தி மேல இருந்து சிரிப்பா."

எழுத்தளவு பதினான்கு பாயிண்ட், வரி இடைவெளி இருபது. பத்து வரிகள் மிஞ்சின. எழுத்தைச் சிறிதாக்கினால் அவர் கண்ணுக்குத் தெரியாதென்று, இடைவெளியைப் பதினைந்தாகக் குறைத்தேன். ஆங்கிலத்தில் அப்படிச் செய்து பழக்கம். அச்செடுத்ததைப் படித்துப் பார்க்கவில்லை.

மேடையில் மூன்றாம் வரியிலேயே சித்தப்பா தடுமாறினார். மேல் வரியில் 'பூ', 'சு' ஆகியவற்றின் வால்கள், கீழ் வரியில் 'கீ', 'தி' ஆகியவற்றின் மேல்சுழிகளில் இடித்துக்கொண்டிருந்தன. மெய்யெழுத்துகளின் புள்ளிகள் அந்த நெரிசலில் காணாமல் போயிருந்தன. விரல் வைத்துத் தேடினார்.

"மன்னிச்சுக்குங்க, எழுத்தெல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கு," என்று தாளை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். சித்தியிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு அவர் எழுதியிருந்த கடைசிப் பத்தி படிக்கப்படவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இடைவெளியை மறுபடி இருபதாக்கி, இரண்டு தாள்களாகக் கொடுத்தேன். அவர் ஒரு வரிகூடத் தடுமாறாமல் முணுமுணுத்தபடி படித்து முடித்தார்.

"நல்லா தெரியுதும்மா," என்றார். "இனி யாரைக் கூட்டிவச்சுப் படிக்க?"