கோலம் கலையவில்லை

சொர்ணத்துக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து நடக்கவும் முடியவில்லை. மூன்று மணிக்குத் தமிழ்த் துறைத்தலைவர் ஆத்மநாதன் வந்து, அவள் திருத்திய தாள்களைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அவர் நல்ல வார்த்தை சொன்னால் அந்தப் புதுக்கோட்டைக் கல்லூரியில் அவளுடைய தற்காலிக வேலை தையில் நிரந்தரமாகிவிடும். சொல்லாவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

இத்தனைக்கும் புகுமுக வகுப்பின் அரையாண்டுத் தேர்வில் ஒரு கேள்விக்குப் பிள்ளைகள் மதிப்பெண்களை வாரிக் குவித்திருந்தார்கள். பாடத்தில் இல்லாத பாடல் ஒன்றைக் கொடுத்து நயம் பாராட்டச் சொன்ன கேள்வி அது. மகனுக்குக் காத்திருக்கும் தாயைப் பற்றிய பாடல். ஆத்மநாதன் அந்தக் காலத்து மனிதர். மேற்கோளைக் கண்டால் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார், கோடுகளை எண்ணி மதிப்பெண் போடுவார். சொர்ணம் போன வருடம் அவரிடம் சண்டை பிடிக்காத குறையாகப் பேசி அதை மாற்றியிருந்தாள். மேற்கோளுக்கு ஒரு மதிப்பெண், அதையடுத்து வரும் விளக்கத்துக்கு இரண்டு. மேற்கோள் சும்மா நிற்கக்கூடாது, அதிலுள்ள சொல் என்ன செய்கிறது என்று எழுதவேண்டும். பிள்ளைகள் மறந்துவிடுவார்களே என்று இந்த வருடம் தேர்வுக்கு முந்தின வாரம் மாதிரிக் கட்டுரை ஒன்றைச் சொல்லச் சொல்ல எழுதவும் வைத்திருந்தாள்.

அந்த வாரம் காய்ச்சலில் வராத ஒருத்தி செங்கமலம். அவள் தாளில் ஒரே ஒரு மேற்கோள்தான். "விடியலில் இட்ட கோலம் இன்னும் கலையவில்லை." அடுத்து இப்படி எழுதியிருந்தாள்: "கோலத்தை யாராவது மிதித்துவிட்டால்தான் நாம் கோபப்படுவோம். இந்தத் தாய் யாரும் மிதிக்கவில்லையே என்று வருந்துகிறாள். 'இன்னும்' என்ற சொல்லால், அவள் பலமுறை வாசலுக்கு வந்து பார்த்திருக்கிறாள் என்று தெரிகிறது."

மேற்கோள் ஒன்றுதானே, திட்டப்படி மூன்று மதிப்பெண்தான். காலையில் போட்டாகிவிட்டது. ஆனால் அந்த மூன்று சொர்ணத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

முழு மதிப்பெண் வாங்கிய குழந்தைசாமியின் தாளை மறுபடி எடுத்தாள். கோலத்து வரிக்குக் கீழே, "இவ்வடியில் கவிஞர் பொருத்தமான சொற்களைக் கையாண்டு தாயின் துயரை நம் கண்முன் நிறுத்துகிறார்" என்று இருந்தது. "உலைநீர் கொதித்துக் கொதித்து வற்றிவிட்டது" என்ற வரிக்குக் கீழே, "எளிய சொற்களால் அவள் உள்ளத்து ஏக்கத்தைக் கவிஞர் அழகுறக் காட்டுகிறார்." இரண்டையும் இடம் மாற்றிப் படித்துப் பார்த்தாள். ஒன்றும் கெடவில்லை. கோலத்துக்குச் சொன்னது உலைக்கும் பொருந்தியது. ஊரில் உள்ள எந்தப் பாட்டுக்கும் பொருந்தும்! அடுத்த தாளும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே.

அத்தனையும் அவள் வாயால் சொன்ன வாக்கியங்கள். மாதிரி என்று கொடுத்ததைப் பிள்ளைகள் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டு எல்லா நோய்க்கும் அதையே குடித்திருக்கிறார்கள். அழுகையாக வந்தது.

ஆத்மநாதன் சொன்னபடி வந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு நாலைந்து தாள்களைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"ஒங்கள என்னமோன்னு நெனச்சேம்மா. ஒரு மேற்கோள்கூட வெறுமனே நிக்கல. அத்தனைக்கும் கீழ வெளக்கம் இருக்கு. நான் தோத்துட்டேன்னு வச்சுக்கங்க. பிரின்சிபால்ட்ட இன்னைக்கே சொல்லிடுறேன்."

இந்த ஒரு வார்த்தைக்காக ஒன்றரை வருடம் தவம் கிடந்தவள் சொர்ணம். சரிங்க ஐயா என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மார்ச்சில் பல்கலைக்கழகத் தேர்வுத் தாளை வெளியூர்க்காரர் யாரோ திருத்தும்போது பிள்ளைகள் கோட்டை விட்டால் அது அப்போதைய கதை. ஆனால் அவளால் முடியவில்லை.

"ஐயா, குழந்தைசாமி தாள்ல கோலத்துக்கும் உலைக்கும் எழுதுன ரெண்டு வெளக்கத்தையும் எடம் மாத்திப் படிங்க."

அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு அவள் நீட்டிய செங்கமலத்தின் தாளை வாங்கினார்.

"இத அங்கிட்டு உலைக்கு வைக்க முடியாதுங்க. கோலத்துக்கு மட்டுந்தான் ஆகும். இதுக்குப் போயி மூணு போட்டுருக்கேன்" என்றாள் சொர்ணம். "அவ்வளவு தாளையும் திரும்பத் திருத்தப்போறேங்க. மேற்கோளுக்கு உண்டானது மட்டும் நிக்கும். வெளக்கத்துக்குப் போட்டதெல்லாம் போயிரும்."

"பாதி வகுப்பு பெயிலாயிருமேம்மா! மார்க்கெல்லாம் நல்லா வந்திருக்குன்னு மத்தியானமே பிரின்சிபால் காதுக்குப் போயாச்சு. எங்க போச்சுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

சொர்ணம் சிவப்புப் பென்சிலை எடுத்தாள்.

"பிள்ளைக மேல தப்பில்ல, டீச்சர் சொல்லிக்குடுத்ததத்தான் எழுதியிருக்காங்கன்னு சொல்லுங்க ஐயா" என்றாள்.