வெட்டின துண்டு

பால் தொழிற்சாலை ஆய்வகத்தில் அவனுக்குக் கத்தரி என்று பெயர். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்காகத் தனியாக ஒரு பால் போகிறது. அதில் நொதியைக் கலந்து பால்சர்க்கரையை வெட்டுவது அவன் பொறுப்பு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து அளப்பான்.

"மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, எல்லாமே சின்னத் துண்டுங்க சேர்ந்ததுதான். ரெண்டு துண்டு ஒட்டறப்ப ஒரு தண்ணி மூலக்கூறு வெளிய போகும். வெட்டணும்னா ஒண்ணு உள்ள வரணும்."

பேச்சில் தப்பில்லை. தலைக்கனம்தான் தாங்காது.

அவன் மகன் பிறந்த வாரமே மஞ்சள் பூத்துச் செத்துப் பிழைத்தவன். காலக்டோஸ் என்ற சர்க்கரையை அவன் உடம்பால் கையாள முடியாது, தாய்ப்பால் உட்பட எந்தப் பாலும் கூடாது, சோயா மாவுதான் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கத்தரி அதைத் தன் தொழிலுக்குத் தோதாக, பால்சர்க்கரை கூடாது என்று சுருக்கிக்கொண்டான்.

பத்து மாதம் ஆனதும் பையன் சோயாவைத் துப்ப ஆரம்பித்தான். கத்தரி தன் தொட்டிப் பாலை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"எந்தப் பாலும் ஆகாதுன்னாங்களே" என்றாள் மனைவி.

"இதுல பால்சர்க்கரை சுத்தமா கிடையாது. நானே வெட்டி நானே சோதிச்சது."

"வெட்டின துண்டெல்லாம் எங்க போச்சு?"

கத்தரி விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் வேலையிடத்திலும் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தான். அவள் முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. பையன் சப்புக்கொட்டிக் குடித்தான்.

சில வாரங்களில் அவன் வயிறு வீங்கியது. கண்மணியில் வெள்ளை படர்ந்தது. ஆஸ்பத்திரியில் கத்தரி சொன்னதையெல்லாம் டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார்.

"பால்சர்க்கரைன்னா குளுக்கோஸும் காலக்டோஸும் கைகோத்து நிக்கறது. கையைப் பிரிச்சுவிட்டா ஆளு காணாம போயிடுமா? ரெண்டும் அந்தப் பால்லயேதான் இருக்கு. குடல் வெட்ட வேண்டியதை நீங்களே வெட்டி ஊட்டியிருக்கீங்க."

கத்தரி தினமும் வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

"கல்லீரல் ரொம்பக் கெட்டிருக்கு. இன்னிக்கு எதையும் உறுதியா சொல்ல முடியாது" என்று டாக்டர் எழுந்துபோனார்.

கட்டிலில் பையன் விழித்திருந்தான். கத்தரி குனிந்து கையை ஆட்டினான். அந்த வெளுத்த கண்கள் அவனைத் தாண்டி எங்கேயோ பார்த்தன.

மனைவி அழவில்லை. குழந்தையின் போர்வையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு சிரிச்சீங்களே, அதே மாதிரி சிரிங்க. முகம் தெரியலேன்னாலும் அப்பா வந்திருக்கறது அவனுக்குத் தெரியட்டும்."