நூறு சதவீதம் பார்த்தவன்

அலமாரிப் பட்டறை முதலாளியின் மூத்த மகன், கணினியில் அலமாரி வரையும் நாற்காலி தனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டான். அதற்கான நாற்பது மணி நேர இணையப் பாடத்தை இரட்டை வேகத்தில், படுத்தவாக்கில், ஒன்பதே நாளில் பார்த்து முடித்தவன் அல்லவா? திரையில் நூறு சதவீதம் என்று வந்தது. சான்றிதழும் வந்தது. அப்பா அதற்குச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்.

தம்பி பெண்டாட்டியும் அதே பாடம்தான். ஐந்து நிமிடம் ஓடவிடுவாள், நிறுத்துவாள், வீடியோவை மூடிவிட்டுத் தானே வரைவாள். தப்பானால் ஏன் தப்பானது என்று நோட்டில் எழுதுவாள். இரண்டு மாதத்தில் பாதிகூடத் தாண்டவில்லை.

"ஆமை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்பான் மூத்தவன்.

"ஆறாம் பாடப் பயிற்சி மூணு தடவை தப்பாயிடுச்சு, அத்தான்."

"நீ முடிக்கறதுக்குள்ள வாத்தியாருக்குப் பல்லு கொட்டிடும்."

அந்த வாரம் பல் மருத்துவர் அம்மாள் வந்தார். தன் மருத்துவமனைக்கு மூத்தவன் வரைந்திருந்த அலமாரியைத் திரையில் பார்த்தார். "அகலத்துல பத்து சென்டிமீட்டர் குறைங்க. இப்பவே பார்த்துட்டுப் போறேன்."

மூத்தவனுக்கு அளவு மாற்றும் அந்தப் பாடம் நினைவிருந்தது. வாத்தியாரின் சட்டை நிறம், அவர் அடித்த ஜோக் எல்லாம் நினைவிருந்தன. எண்ணை மாற்றினான். பெட்டி சுருங்கியது, கதவுகளும் தட்டுகளும் பழைய அளவிலேயே வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

"வாய்க்கு வெளியில பல்லு மாதிரி இருக்கே!" என்றார் மருத்துவர். இழைப்பவர்கள் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

அப்பா சின்ன மருமகளைக் கூப்பிட்டார். அவள் கணினியில் அகலத்தின் எண்ணுக்கு ஒரு பெயர் வைத்தாள். கதவு ஒவ்வொன்றும் அதில் பாதி, இடைவெளி போக. தட்டு, பக்கப் பலகைகளின் கனம் போக மீதி என்று கணக்கைப் பதிந்தாள். பிறகு ஒரே எண்ணை மாற்றினாள். எல்லாம் சேர்ந்து சுருங்கின.

"தப்பு என்னுதும்மா," என்றார் அப்பா மருத்துவரிடம். "பார்த்தவனைப் படிச்சவன்னு நெனச்சு வாசல்ல மாட்டிட்டேன்." சான்றிதழைத் தானே கழற்றினார்.

அத்தோடு விட்டுவிடுவார் என்று மூத்தவன் நினைத்தான். மருத்துவர் போனதும், கணினியைப் பட்டறை நடுவே போடச் சொன்னார் அப்பா.

"நாற்காலி அவளுக்கு. நீ ஸ்டூல்ல உட்காரு. முதல் பாடத்துலேர்ந்து ஆரம்பி. அவ நிறுத்துன்னா நிறுத்தணும், செய்னா செய்யணும்."

"அப்பா, ஆளுங்க பார்க்கறாங்க..."

"பார்க்கட்டும். பார்த்தாலே வந்துடும்னு நெனச்சவன் நீதானே?"

முதல் பயிற்சி, ஒற்றைக் கதவுப் பெட்டி. வீடியோவை அவள் மூடினாள். அவன் கை சுட்டியின் மேல் அப்படியே கிடந்தது.

"எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்?"

"வாத்தியார் சொன்னாரே, அத்தான். வேகமாச் சொல்லிட்டாரோ?"

அரை மணி நேரத்தில் ஒரு பெட்டி வந்தது. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அவள் மாமனார் பக்கம் திரும்பினாள்.

"கதவு உள்பக்கமாத் திறக்குது, மாமா. தட்டுல இடிக்கும்."

"அழி," என்றார் அப்பா.

அவன் அழித்தான்.